இடது முன்புற மோதல்: வந்த 14 படங்களில் எதைக் கோப்பில் வைப்பது, எதைத் திரும்ப எடுப்பது

வண்டி: வெள்ளை ஹேட்ச்பேக், 2021 மாடல். விபத்து: செவ்வாய் இரவு 10.40, மதுரை மேலூர் சாலை, மாட்டுத்தாவணி தாண்டி. ஓரமாக நின்ற மஞ்சள் லோடு ஆட்டோவின் பின் மூலையில் இடித்தது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வருவது வியாழன் காலை 11 மணி. படங்களைப் பார்த்த பாடி ஷாப் கிளெய்ம் பிரிவு, வண்டி உரிமையாளருக்கு எழுதும் குறிப்பு.

முதலில் ஒன்று, சார். மிகத் தெளிவாக விழுந்த படம் 7, இந்தக் கோப்பில் ஏறக்குறைய உதவாத படம். பம்பரின் கிழிசல் மட்டும் திரை நிறைய இருக்கிறது. நம்பர் பிளேட் இல்லை, ஹெட்லைட் விளிம்பு இல்லை, தரைகூடத் தெரியவில்லை. எந்த வெள்ளை வண்டியின் பம்பராகவும் அது இருக்கலாம். அதே கிழிசலை ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுத்த படம் 8 சற்று மங்கல்தான். ஆனால் நம்பர் பிளேட், ஹெட்லைட், கிழிசல் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வருகின்றன. கிழிசலின் மேல் ஒட்டிய மஞ்சள் பெயின்ட் கீற்றும் தெரிகிறது. எதில் மோதியது என்று சொல்ல அந்தக் கீற்றை விடப் பலமான சாட்சி இந்த வண்டியில் இல்லை. படம் 8 முன்னே, 7 அதன் துணையாகப் பின்னே.

படம் 9 வண்டியைக் கழுவிய பிறகு எடுத்தது. கீற்று பாதி போய்விட்டது. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும். சர்வே முடியும்வரை தண்ணீர், துணி, பாலிஷ் எதுவும் அந்த மூலையில் படக்கூடாது.

சம்பவ இடத்தில் எடுத்த 1, 2 இரண்டும் கை ஆடி விழுந்தவை. ஆனாலும் 2 கட்டாயம் போகும்: இரண்டு வண்டிகளும் நின்ற நிலை, சாலையில் சிதறிய ஹெட்லைட் துண்டுகள், கூலன்ட் ஈரம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

கோணத்தில்தான் பெரிய ஓட்டை. 3 முதல் 6 வரை நான்கு படங்கள், அதில் இரண்டு ஒரே இடத்தில் நேர்முன்னால் நின்று எடுத்தவை. வலது மூலைகள் இரண்டும் வந்துவிட்டன. இடி வாங்கிய இடது முன் மூலையும் இடது பின் மூலையும் இல்லை. மூலைக்கு நேரே, மூன்று மீட்டர் தள்ளி, மொபைலை இடுப்பு உயரத்தில் பிடித்தால் முகப்பும் பக்கமும் சேர்ந்து விழும். இடது பின் கதவில் ஒரு பழைய கீறல் இருப்பது படம் 1-ன் ஓரத்தில் தெரிகிறது. அதையும் தனியாக எடுத்து "பழையது, கிளெய்மில் சேராது" என்று நாமே சொல்லிவிடுவோம். சர்வேயர் கண்டுபிடித்துக் கேட்டால் மற்ற சேதங்கள் மீதும் சந்தேகம் விழும்.

படம் 10 அருமையான படம். ஹெட்லைட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் காது முறிந்த இடம் தூசி இல்லாமல் வெளிறித் தெரிகிறது. பழைய முறிவு என்றால் அங்கே கருப்பாக அழுக்கு ஏறியிருக்கும். இதன் பக்கத்தில் 15 செ.மீ. ஸ்கேல் வைத்து இன்னொன்று எடுங்கள்.

படம் 11-ல் பானெட் நெளிவே தெரியவில்லை. வெள்ளைப் பெயின்ட்டில் ஃபிளாஷ் அடித்தால் பரப்பு முழுக்க வெளுத்துப்போகும். ஃபிளாஷை அணைத்து, டியூப் லைட்டின் பிரதிபலிப்பு பானெட்டில் விழும்படி சாய்வாக நின்று எடுங்கள். நெளிந்த இடத்தில் ஒளிக்கோடு வளைந்து காட்டும்.

12: ஓடோமீட்டர். 38,642-ஆ 33,642-ஆ என்று படிக்க முடியவில்லை. இக்னிஷன் ஆன் செய்து, எரியும் எச்சரிக்கை விளக்குகளோடு எடுக்கவும். என்ஜினை மட்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கூலன்ட் ஒழுகும் வண்டியை ஓட்டி என்ஜின் பிடித்துக்கொண்டால், அது விபத்தின் சேதமல்ல, பின்விளைவு என்று அந்தச் செலவைத் தள்ளிவிடுவார்கள். ரேடியேட்டரின் அடியில் சொட்டும் இடத்தைக் காட்டும் 14 நன்றாக வந்திருக்கிறது, அப்படியே போகட்டும்.

13-ல் விண்ட்ஷீல்டின் விரிசல் வானத்தின் வெளிச்சத்தில் கரைந்துவிட்டது. உள்ளே கருப்புத் துணி பிடித்து எடுங்கள். இதில் அலட்சியம் வேண்டாம்: பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகத்துக்கு உங்கள் சாதாரண பாலிசியில் 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள், கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதால் எல்லாமே சுருங்கி, எடுத்த நேரமும் அழிந்து வந்திருக்கின்றன. 14 படங்களின் மூலக் கோப்புகளையும் வெட்டாமல், வெளிச்சம் கூட்டாமல், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். புதிதாக எடுப்பவை புதன்கிழமை தேதியிலேயே இருக்கட்டும். இரவுப் படம் என்று காட்ட வேண்டிய அவசியமில்லை. விபத்து நேரத்துக்குப் படம் 2 போதும். புதிய படங்கள் புதன் மாலை 5 மணிக்குள், பகல் வெளிச்சம் இருக்கும்போதே எடுத்தவையாக வந்தால் கோப்பை அன்றிரவே அடுக்கிவிடலாம்.