‘இது’ இனி ‘ஏது’ ஆகாது: நேரெழுத்து சிலேட்டு அறிமுகம் – செய்திக்குறிப்பும் செய்தியாளர்களுக்கான கடிதங்களும்

1. நாளிதழின் உள்ளூர்ப் பக்கச் செய்தியாளருக்கு எழுதிய கடிதம்

பொருள்: ஜனவரி 4 – இடமிருந்து வலமாக எழுதும் பிரெயில் சிலேட்டு நம் நகரில் அறிமுகம்

மதிப்பிற்குரிய செய்தியாளர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வெழுத உதவியாளர் கிடைக்காத சிக்கலைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய செய்தியை என் அக்காவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். அதில் ஒரு மாணவி, “என் விடையை என் கையாலேயே எழுத ஆசை” என்று சொல்லியிருந்தார். அந்த வரிக்காகவே இந்தக் கடிதத்தை முதலில் உங்களுக்கு அனுப்புகிறேன்.

பிரெயிலில் எழுதக் கற்கும் குழந்தை ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு வடிவங்களில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். படிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு அதன் கண்ணாடி வடிவம். வழக்கமான சிலேட்டில் எழுத்தாணியால் குத்தினால் புள்ளி தாளின் பின்பக்கம் எழும்பும் என்பதுதான் காரணம். ஆகவே வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். ‘இ’யைப் படிக்கிற வடிவிலேயே குத்திவிட்டால் மறுபக்கம் ‘ஏ’ நிற்கும். ‘இது’ என்று எழுத நினைத்த குழந்தைக்கு ‘ஏது’ என்று கிடைக்கும். என் அக்காவின் முதல் வகுப்புத் தாள்கள் இப்படிப்பட்ட ‘ஏது’க்களால் நிறைந்திருந்தன. அவருக்கு எழுத வராது என்று அப்போது முடிவு கட்டியவர்களும் உண்டு.

எங்கள் சிறிய பட்டறையில் உருவான ‘நேரெழுத்து’ என்ற சிலேட்டில் புள்ளி மேல்பக்கமாகவே எழும்புகிறது. எழுதுகிற திசையும் படிக்கிற திசையும் ஒன்று. எழுதிய விரலே அடுத்த நொடியில் படித்துப் பார்க்கலாம்.

உலக பிரெயில் நாளான ஜனவரி 4 அன்று காலை 10 மணிக்கு, நகர நூலகத்தின் பிரெயில் பிரிவில் அறிமுகம் செய்கிறோம். மேடை, பொன்னாடை, உரை எதுவும் இல்லை. நான்கு மேசைகள், எட்டு சிலேட்டுகள், எழுத வருகிறவர்கள், அவ்வளவுதான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பெயரை இரண்டு வகைச் சிலேட்டிலும் எழுதிப் பார்க்க ஒரு மேசையைத் தனியே ஒதுக்கியிருக்கிறேன். பத்து நிமிடம் போதும். நான் பத்திபத்தியாக விளக்குவதைவிட அது தெளிவாக விளக்கிவிடும்.

முன்கூட்டியே பார்க்க விரும்பினால் ஒரு சிலேட்டையும் தாள்களையும் நாளையே அலுவலகத்தில் கொண்டுவந்து தருகிறேன். அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை இல்லை. அக்காவிடம் நீங்கள் தனியாகப் பேசலாம். நான் உடன் இருக்க மாட்டேன். குறைகளையும் அவர் சொல்லுவார், சொல்லச் சொல்லியே கேட்டிருக்கிறேன்.

செய்திக்குறிப்பு கீழே உள்ளது. இணைப்பாக அனுப்பாமல் மின்னஞ்சலிலேயே சேர்த்திருக்கிறேன், கைப்பேசியிலேயே படித்துவிடலாம். மூன்று படங்களும் ஒரு நிமிடக் காணொளியும் தயாராக உள்ளன. கேட்டால் உடனே அனுப்புகிறேன். ஜனவரி 4 காலை 6 மணிக்கு முன் செய்தி வெளிவராமல் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்றைய பக்கத்தில் இடமில்லை என்றால் அடுத்த வாரம் வந்தாலும் எங்களுக்கு மகிழ்ச்சியே.

இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதலாம். காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை உடனுக்குடன் பார்ப்பேன்.

அன்புடன்,
நேரெழுத்து தயாரிப்புப் பொறுப்பாளர்

2. செய்திக்குறிப்பு

ஜனவரி 4, காலை 6 மணிக்குப் பின் வெளியிடுவதற்காக

எழுதும் திசையிலேயே படிக்கலாம்: தமிழ் கற்கும் குழந்தைகளுக்குப் புதிய பிரெயில் சிலேட்டு

*உலக பிரெயில் நாளில் ‘நேரெழுத்து’ அறிமுகம். முதல் 40 சிலேட்டுகள் பிரெயில் கற்கும் மாணவர்களுக்கு இலவசம்*

பார்வையற்ற குழந்தைகள் இடமிருந்து வலமாகவே பிரெயில் எழுத உதவும் ‘நேரெழுத்து’ என்னும் கைச்சிலேட்டு ஜனவரி 4 அன்று காலை 10 மணிக்கு நகர நூலகத்தின் பிரெயில் பிரிவில் அறிமுகம் ஆகிறது. அனுமதி இலவசம், யாரும் வந்து எழுதிப் பார்க்கலாம். தயாரான முதல் 40 சிலேட்டுகள் அன்றே பிரெயில் கற்கும் மாணவர்களுக்கு வழங்கப்படுகின்றன. விற்பனை விவரங்களும் அன்று அறிவிக்கப்படும்.

வழக்கமான சிலேட்டின் அடித்தட்டில் குழிகள் இருக்கும். எழுத்தாணியின் கூர்முனை தாளை அந்தக் குழிக்குள் அழுத்துவதால் புள்ளி பின்பக்கம் எழும்புகிறது. நேரெழுத்தில் இந்த அமைப்பு தலைகீழாக உள்ளது. அடித்தட்டில் நுண்ணிய ஆணிகள் நிற்கின்றன. எழுத்தாணியின் முனையில் குழி இருக்கிறது. தாளை ஆணியின் மீது அழுத்தும்போது புள்ளி மேலே எழும்புகிறது. தாளைக் கழற்றாமலே, திருப்பாமலே எழுதியதைத் தடவிப் படிக்க முடிகிறது.

பிரெயில் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று வரிசை, இரண்டு நிரல் கொண்ட ஆறு புள்ளி இடங்களுக்குள் அமைகிறது. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. தமிழில் ‘இ’ என்பது 2, 4 ஆகிய புள்ளிகள். அதன் கண்ணாடி வடிவமான 1, 5 ‘ஏ’ ஆகிவிடும். ‘ஓ’ (1, 3, 5) திரும்பினால் ‘ஔ’ (2, 4, 6). ‘த’ (2, 3, 4, 5) திரும்பினால் ‘ஊ’ (1, 2, 5, 6). எழுதத் தொடங்கும் குழந்தைக்கு இந்தத் தடுமாற்றம் இயல்பானது. தாளைக் கழற்றித் திருப்பும் வரை தவறு நேர்ந்ததே தெரியாது என்பது அதைவிடப் பெரிய இடையூறு.

“என் அக்கா ஆறு வயதில் எழுதிய தாளை அம்மா இன்னும் வைத்திருக்கிறார். அதில் ஒரு வரி முழுக்கக் கண்ணாடி வடிவில் இருக்கிறது. தாளை எதிர்ப்பக்கமிருந்து படித்தால் ஒரு பிழைகூட இல்லை. அவருக்கு எழுத்து தெரிந்திருந்தது. கருவிதான் அதை மறைத்துவிட்டது. அந்தத் தாள்தான் எங்களை இந்த வேலையில் இறக்கியது” என்று நேரெழுத்தை வடிவமைத்த பட்டறையின் பொறுப்பாளர் தெரிவித்தார்.

மேல்நோக்கிப் புள்ளி எழுப்பும் சிலேட்டு என்ற கருத்து புதிதல்ல. வேறு தயாரிப்பாளர்களும் இத்தகைய சிலேட்டுகளை முன்பே செய்திருக்கிறார்கள். நேரெழுத்தில் பட்டறை கூடுதலாகச் செய்திருப்பவை மூன்று. சிறு விரல்களுக்கு ஏற்ற குட்டையான, தடித்த பிடியுள்ள எழுத்தாணி. கட்டத்துக்குக் கட்டம் விரல் வழி காண ஒவ்வோர் ஐந்தாவது கட்டத்தின் மேல்விளிம்பிலும் ஒரு வெட்டு. உயிர், மெய், உயிர்மெய் வரிசையில் அமைந்த தமிழ்ப் பயிற்சித் தாள்கள் இருபது. தமிழ் பிரெயிலில் ‘கா’ என்பது ‘க’வை அடுத்து ‘ஆ’ என்று இரண்டு கட்டங்களில் எழுதப்படுவதால், உயிர்மெய்ப் பயிற்சிக்கு அதிகத் தாள்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

சிலேட்டில் 4 வரிகளும் வரிக்கு 28 கட்டங்களும் உள்ளன. ஒரு கட்டத்துக்குள் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 2.5 மில்லிமீட்டர் இடைவெளி. இப்போது வெளிவருவது ஏழாவது மாதிரி. முந்தைய ஆறில் நான்கு, ஆணி முனை தாளைக் கிழித்ததால் கைவிடப்பட்டன.

இதன் வரம்புகளையும் பட்டறை வெளிப்படையாகச் சொல்கிறது. மெல்லிய தாளில், எழுதாத கட்டத்திலும் ஆணிகளின் மேடு விரலில் தட்டுப்படும். ஆகவே பிரெயிலுக்கு உரிய தடித்த தாள் வேண்டும். பழைய சிலேட்டில் பல ஆண்டுகள் கை பழகியவர்களுக்கு நேரெழுத்தில் வேகம் குறையலாம். இது எழுதத் தொடங்குவோருக்கான கருவி. வழக்கமான சிலேட்டுக்கு மாற்றாக முன்வைக்கப்படவில்லை.

பின்னணி: லூயி பிரெயில் 1809 ஜனவரி 4 அன்று பிரான்சில் பிறந்தார். தோல் வேலை செய்த தந்தையின் பட்டறையில், மூன்று வயதில், கூரிய கருவியொன்று கண்ணில் பட்டதில் தொடங்கிய பாதிப்பு அவருடைய பார்வை முழுவதையும் பறித்தது. சார்ல் பார்பியேயின் பன்னிரு புள்ளி முறையைச் சுருக்கி, பதினைந்து வயதிலேயே ஆறு புள்ளி முறையின் அடிப்படையை அமைத்தார். 1829இல் அதை நூலாக வெளியிட்டார். ஆறு புள்ளிகளைக் கொண்டு, வெற்றிடம் நீங்கலாக, 63 வடிவங்களை அமைக்கலாம். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான பொது முறையான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. 2019 முதல் ஜனவரி 4 உலக பிரெயில் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

செய்தி ஆசிரியர்களுக்கு: படங்களில் குழந்தைகளின் முகம் இல்லை, கைகள் மட்டுமே உள்ளன, அவற்றுக்கும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் உண்டு. நிகழ்விடத்தில் படம் எடுக்க விரும்புவோர் முதலில் அந்தந்தக் குடும்பத்தாரைக் கேட்க வேண்டும். இணையத்தில் வெளியிடும்போது, திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்காக நாங்கள் தரும் பட விவரிப்பையும் சேர்க்க வேண்டுகிறோம். ‘இருளில் வாடும்’, ‘குறையை வென்ற’ போன்ற அடைமொழிகளைத் தவிர்த்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். இந்தக் குழந்தைகள் எழுதக் கற்கிறார்கள், செய்தி அவ்வளவே.

3. உள்ளூர் வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு

பொருள்: காதால் அறியக்கூடிய ஒரு செய்தி – இரண்டு எழுத்தாணிகளின் ஓசை

வணக்கம். உங்கள் காலை நிகழ்ச்சியில் ஒலிகளுக்கு நீங்கள் தரும் இடத்தைக் கேட்டு இதை அனுப்புகிறேன். குழியில் இறங்கும் எழுத்தாணி ‘டக்’ என்று ஓசை எழுப்பும். ஆணியின் மீது அமரும் எழுத்தாணி அதைவிடத் தணிந்து ‘தப்’ என்று ஒலிக்கும். இரண்டையும் அடுத்தடுத்து ஒலிபரப்பினால், பிரெயிலைத் தொட்டே பார்க்காத நேயருக்கும் வேறுபாடு புரியும். என் அக்கா ‘இது’ என்று எழுதியபடியே, அது எப்படி ‘ஏது’ ஆகும் என்று இரண்டு நிமிடத்தில் விளக்குவார். தேர்ந்த பேச்சாளர், ஒத்திகை தேவைப்படாது. டிசம்பர் 28 முதல் எந்த நாளிலும் உங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருகிறோம். உங்கள் நேயர்களில் பார்வையற்றோர் பலர் இருப்பார்கள் என்பதால், அச்சில் வருவதைவிட உங்கள் வழியாக அவர்களை நேரடியாகச் சென்றடையும் என்று நம்புகிறேன். முழுச் செய்திக்குறிப்பு கீழே.

4. நான்கு நாள் கழித்து, நாளிதழ்ச் செய்தியாளருக்கு

வணக்கம். நேரெழுத்து பற்றி எழுதியிருந்தேன். பணிச்சுமை புரிகிறது, இதற்குப் பிறகு நினைவூட்ட மாட்டேன். அதன் பின் ஒரு புதிய தகவல் சேர்ந்திருக்கிறது: 30 ஆண்டுகளாகப் பிரெயில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் அறிமுகத்துக்கு வருகிறார். வழக்கமான சிலேட்டிலேயே தொடங்குவதுதான் குழந்தைக்கு நல்லது, பின்னால் இரண்டையும் கற்க வேண்டிய சுமை வேண்டாம் என்பது அவருடைய உறுதியான கருத்து. அவரிடமும் நீங்கள் பேச வேண்டும் என்று விரும்புகிறேன். அவர் சம்மதம் தெரிவித்துவிட்டார். சிலேட்டை உங்கள் அலுவலக வரவேற்பில் இன்று மாலை 4 மணிக்குள் வைத்துவிடவா?