31.08.2025 ஞாயிறு கதைத்தபடி: கதவு, யன்னல் வேலையின் மிச்சக் காசு, தொகையும் திகதிகளும்

பெறுநர்: சிவபாலன் மாஸ்ரர், கொக்குவில்
பிரதி: கண்ணன் அண்ணா, ரொறன்ரோ
அனுப்புவது: சுமதி, மரவேலைத்தளம், கோண்டாவில்
திகதி: 01.09.2025, திங்கள்

மதிப்புக்குரிய மாஸ்ரருக்கு,

வணக்கம். நேற்றுப் பின்னேரம் உங்கள் வீட்டு விறாந்தையில் அப்பாவும் நீங்களும் மிச்சக் காசைப் பற்றிக் கதைத்து முடித்தவற்றை இதில் எழுதுகிறேன். நானும் பக்கத்தில் இருந்து கொப்பியில் குறித்துக்கொண்டுதான் வந்தேன். ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். எல்லாம் நீங்கள் சொன்னபடி இருந்தால் "சரி" என்று ஒரு பதில் போடுங்கள். எங்காவது தொகையோ திகதியோ வேறாகப் பட்டால் அந்த இடத்தை மட்டும் திருத்தி அனுப்புங்கள்.

உங்கள் சொல்லில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குக் கணக்குப் படிப்பித்ததே நீங்கள். வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் புள்ளி தரமாட்டீர்கள். காசு அனுப்பப்போவது கண்ணன் அண்ணா, அவர் நேற்று எங்களோடு இருக்கவில்லை. வேலை செய்யப்போவது அப்பாவும் பெடியளும். இத்தனை பேருக்கும் ஒரே கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் மொத்தத் தொகை. மே மாதம் நாங்கள் தந்த மதிப்பீட்டில் 14,80,000 ரூபாய் என்று இருந்தது. முன் வாசல் இரட்டைக் கதவு தேக்கில், உள் கதவுகள் ஐந்து, யன்னல்கள் ஒன்பது, எல்லாவற்றுக்கும் நிலை, ஏற்றி இறக்குகிற கூலி, பூட்டுகிற கூலி, வார்னிஷ் எல்லாம் அதற்குள் அடக்கம். பிறகு சாமி அறைக் கதவில் மணி கோத்துச் சித்திர வேலை செய்யச் சொன்னீர்கள், அதற்கு 45,000 ரூபாய் கூடுகிறது. குசினிப் பக்கத்து இரண்டு யன்னல்களுக்கும் அலுமினியம் போடப்போவதாகச் சொல்லி மர இறக்கைகளை வேண்டாம் என்றீர்கள், அதற்கு 60,000 ரூபாய் குறைகிறது. ஆக மொத்தம் 14,65,000 ரூபாய்.

இதுவரை தந்தது: மே மாதம் முற்பணமாக 5,00,000, ஜூலையில் 3,00,000. இரண்டுக்கும் பற்றுச்சீட்டு தந்திருக்கிறோம். இவை தவிர, ஜூலையில் நிலைகளை இறக்க வந்த லொறிச் சாரதியின் கையில் நீங்கள் 15,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். ஏற்றுகூலி எங்கள் மதிப்பீட்டுக்குள் இருந்ததால் அது எங்களுக்குத் தந்த காசுதான் என்று அப்பாவே நேற்றுச் சொன்னார். அதற்கும் ஒரு பற்றுச்சீட்டு எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த முறை வரும்போது கொண்டு வருவேன்.

அப்படிப் பார்த்தால் தந்தது மொத்தம் 8,15,000 ரூபாய். மிச்சம் 6,50,000 ரூபாய், எழுத்தில் ஆறு இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய். போன கிழமை வட்ஸ்அப்பில் நான் அனுப்பிய 6,65,000 என்ற தொகையை விட்டுவிடுங்கள். லொறிக் காசைக் கழிப்பதாக முடிவெடுக்க முன்னம் போட்ட கணக்கு அது.

இந்த மிச்சத்தை மூன்று தவணையாகத் தருவதாக ஒத்துக்கொண்டீர்கள்.

முதலாம் தவணை: 2,50,000 ரூபாய் (இரண்டு இலட்சத்து ஐம்பதாயிரம்), 15.09.2025 திங்கள்.

இரண்டாம் தவணை: 2,50,000 ரூபாய் (இரண்டு இலட்சத்து ஐம்பதாயிரம்), 07.10.2025 செவ்வாய்.

மூன்றாம் தவணை: 1,50,000 ரூபாய் (ஒரு இலட்சத்து ஐம்பதாயிரம்), 10.11.2025 திங்கள்.

இரண்டாம் தவணைக்கு முதலில் 6ஆம் திகதி என்றுதான் சொன்னீர்கள். அன்று வப் போயா, வங்கி பூட்டு. அதனால் அடுத்த நாளுக்கு மாற்றினோம்.

மூன்றாவது திகதியைக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டும். "ஐப்பசிக் கடைசிக்குள்ள முழுக்கத் தீர்த்துவிடுறன்" என்று நீங்கள் சொன்னீர்கள். தமிழ் மாதக் கணக்கில் இந்த வருட ஐப்பசி நவம்பர் நடுப்பகுதி வரைக்கும் போகிறது. இதையே கண்ணன் அண்ணாவிடம் ஃபோனில் சொன்னால் அவர் ஒக்ரோபர் 31 என்று விளங்கிக்கொள்ளக்கூடும், அப்பாவின் மனதிலும் முதலில் அதுதான் இருந்தது. பிறகு கலண்டரைப் பார்த்து நவம்பர் 10 என்று இரண்டு பேரும் சொன்னீர்கள். ஆகவே இனி அந்தத் திகதிதான் கணக்கு.

காசு ரூபாயில்தான். டொலர் ஏறினாலும் இறங்கினாலும் இந்தத் தொகை மாறாது. அங்கிருந்து அனுப்பும்போது வங்கி வெட்டுகிற கட்டணம் உங்கள் பக்கம் என்று நீங்களே சொன்னீர்கள். அண்ணாவுக்கு ஒரு வேண்டுகோள்: மேலே இருக்கும் திகதி, காசு எங்கள் கணக்கில் வந்து விழ வேண்டிய திகதி. அங்கே அனுப்புகிற நாள் அல்ல. சனி ஞாயிறு குறுக்கிட்டால் இன்னும் தாமதிக்கும், அதனால் சில நாள் முந்தியே அனுப்பிவிடுங்கள். மே மாதப் பற்றுச்சீட்டின் அடியில் இருக்கும் அதே கணக்கு இலக்கத்துக்கே போடுங்கள். கணக்கை மாற்றச் சொல்லி எங்கள் பெயரில் யாராவது செய்தி அனுப்பினால், அப்பாவோடு ஒருமுறை குரலில் கதைக்காமல் ஒரு சதமும் போட வேண்டாம்.

திகதிகளில் நாங்கள் இவ்வளவு கண்ணாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. முன் வாசல் தேக்கை வவுனியாப் பக்கத்து மரக்காலையில் கடனுக்கு எடுத்தோம். அதற்கு அப்பா இரண்டு செக் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்று செப்ரெம்பர் 19க்கு, மற்றது ஒக்ரோபர் 10க்கு. உங்கள் முதல் இரண்டு தவணையையும் நம்பித்தான் அந்தத் திகதிகளைப் போட்டார். ஒரு செக் திரும்பினால் அந்த மரக்காலையில் இனி எங்களுக்குக் கடன் கிடைக்காது. மற்றது தீபாவளி. இந்த வருடம் ஒக்ரோபர் 20. பெடியளுக்கு அதற்கு முதல் சம்பளத்தோடு கையில் ஏதாவது கூடக் கொடுத்துவிட வேண்டும், அவர்களும் பிள்ளை குட்டிக்காரர்.

எங்கள் பக்கத்தில் அப்பா தந்த வாக்கையும் எழுதிவிடுகிறேன், அதுவும் உடன்பாட்டின் பாதிதானே. முதலாம் தவணை வந்ததும் செப்ரெம்பர் 17 புதன் உள் கதவுகளும் யன்னல்களும் பூட்டத் தொடங்கி 30ஆம் திகதிக்குள் முடிப்போம். இரண்டாம் தவணை வந்தபின் ஒக்ரோபர் 9 வியாழன் முன் வாசல் கதவும் சாமி அறைக் கதவும் வரும். வார்னிஷும் சேர்த்து ஒக்ரோபர் 31க்குள் எல்லாம் முடியும். கார்த்திகையில் குடிபூரல் வைக்க நினைத்திருக்கிறீர்கள், அதற்கு ஒரு இடைஞ்சலும் வராது.

மழையைப் பற்றி அப்பா சொன்னதையும் பதிகிறேன், பிறகு மனஸ்தாபம் வரக்கூடாது. ஐப்பசி மழை பிடித்தால் மரம் ஈரத்தைக் குடித்து ஊதும். அதற்காகத்தான் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு ரூபாய்க் குற்றி போய்வருகிற அளவு இடைவெளி விடுகிறார். நேற்று ஒரு உள் கதவில் விரலால் தடவி "இது ஏன் இப்படி விட்டிருக்கு" என்று கேட்டீர்களே, அது இதுதான். இறுக்கிப் பூட்டினால் மார்கழியில் கதவு திறக்காது. அப்படியும் ஏதாவது கதவு பிடித்தால், தை மாதம் வெயில் வந்தபின் அப்பாவே இழைப்புளியோடு வந்து சீவித் தருவார், அதற்குக் காசு இல்லை. மூன்றாம் தவணையை அதற்காக நிறுத்தி வைப்பதில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். ஆனால் நவம்பர் 10க்கு முதல் நீங்கள் எல்லாக் கதவையும் திறந்து பூட்டிப் பார்த்து, பிழை இருந்தால் சொல்லலாம். அதைத் திருத்திய பிறகுதான் அந்த ஒன்றரை இலட்சத்தைக் கேட்போம்.

தவணை பிந்தினால் என்ன என்றும் கதைத்தோம். பிந்தும் என்று தெரிந்தால் திகதிக்கு முதலே ஒரு கோல் எடுத்துச் சொல்வீர்கள். ஏழு நாள் வரை வேலை நிற்காது. அதற்கு மேல் போனால், காசு வரும் வரை வேலையை நிறுத்தி வைப்போம், முடிக்கிற திகதியும் அத்தனை நாள் தள்ளிப்போகும். அதேபோல எங்கள் வேலை பிந்தினால் அடுத்த தவணையும் அத்தனை நாள் பிந்தலாம். வட்டி பற்றி யாரும் கதைக்கவில்லை, நானும் சேர்க்கவில்லை.

நேற்றுக் கதைக்காத ஒன்றை நான் கேட்கிறேன். உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும் சேரட்டும். இனிக் கையில் காசு தருவதானால் அப்பாவிடம் அல்லது என்னிடம் மட்டும் தாருங்கள், உடனே பற்றுச்சீட்டு தருவோம். பெடியளின் கையிலோ சாரதியின் கையிலோ வேண்டாம். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் கணக்கு இரண்டு இடத்தில் ஏறினால் பிறகு பிரித்தெடுப்பது கஷ்டம்.

நீங்கள் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைக்க வேண்டுமோ என்று கேட்டீர்கள். தேவையில்லை. காணி உறுதி போன்றவற்றுக்கு இது பொருந்தாது, ஆனால் இப்படியான கொடுக்கல் வாங்கலுக்கு மின்னஞ்சலில் எழுதுவதும் எழுத்தாகவே எடுக்கப்படும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதற்கு இடம் தருகிறது. இந்த மெயிலுக்கே பதிலாக இந்த வசனத்தை அனுப்பினால் போதும்:

"மிச்சம் 6,50,000 ரூபாய். 15.09.2025இல் 2,50,000, 07.10.2025இல் 2,50,000, 10.11.2025இல் 1,50,000 தருவதற்கும், இதில் எழுதியுள்ள மற்ற விடயங்களுக்கும் சம்மதம்."

செப்ரெம்பர் 5 வெள்ளிக்குள் பதில் வந்தால் நல்லது, அப்பா மரக்காலைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். அப்பாவின் சம்மதத்தை இத்துடனேயே சொல்கிறேன். எழுதிய முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன், "சரி, இப்பிடியே அனுப்பு" என்றார். கண்ணன் அண்ணாவும் திகதிகள் தனக்குச் சரியா என்று ஒரு வரி எழுதினால் எங்களுக்கு நிம்மதி.

ரீச்சரையும் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள். நேற்றுத் தந்த பனங்காய்ப் பணியாரத்தை வீட்டில் எல்லாரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

அன்புடன்,
சுமதி
(அப்பாவுக்காகவும் எனக்காகவும்)

பி.கு: பூட்டுகளும் பிணைச்சல்களும் நீங்கள் வாங்கித் தருவதாகச் சொன்னீர்கள், அவை மேலே உள்ள தொகையில் இல்லை. உள் கதவுகளுக்கானவை செப்ரெம்பர் 16க்குள்ளும், முன் வாசல் பூட்டு ஒக்ரோபர் 7க்குள்ளும் வேலைத்தளத்துக்கு வந்தால் நல்லது. பூட்டின் அளவைக் கையில் வைத்துப் பார்த்துத்தான் கதவில் துளை வெட்ட வேண்டும், வெட்டிய பிறகு பூட்டை மாற்ற ஏலாது.