விருந்தினர், டெலிவரி, வாயில் பதிவேடு: நமது குடியிருப்பின் விதிமுறைகள்

ஏற்காடு சாலை, சேலம். மூன்று பிளாக், 96 வீடுகள்.
01.07.2026 முதல் நடைமுறைக்கு வருகிறது.

வீட்டு உரிமையாளர்கள், வாடகைக்கு இருப்போர், வாயில் காவலாளிகள் ஆகிய எல்லோரையும் இந்த விதிகள் கட்டுப்படுத்தும். சங்க நிர்வாகிகளுக்கும் அவர்கள் வீட்டு விருந்தினருக்கும் தனிச் சலுகை எதுவும் கிடையாது. ஒரு பிரதி முன்வாசல் காவல் அறையிலும், ஒவ்வொரு பிளாக்கின் லிப்ட் அருகிலும் ஒட்டப்பட்டிருக்கும்.

ஏன் புதிய விதிகள்

சென்ற மே மாதம் பி பிளாக்கில் இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று புகைந்து, மூன்றாம் மாடி முழுவதும் கருகல் நெடி பரவியது. எல்லோரும் கீழே இறங்கிவிட்டோம். மேலே யாராவது இருக்கிறார்களா என்று பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். காலை 11.40 மணிக்கு ஏ.சி. பழுது பார்க்க இருவர், பி-402 என்று எழுதியிருந்தது. வெளியேறிய நேரம் எழுத வேண்டிய கட்டம் காலி. நம் பகல் காவலாளி வாயில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு முறை மாடி ஏறி மொட்டைமாடி வரை தேடினார். அந்த இருவரும் அரை மணி நேரம் முன்பே பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தார்கள். அன்றைய பக்கத்தில் இருந்த 31 பதிவுகளில் 19க்கு வெளியேறிய நேரமே இல்லை.

யார் உள்ளே வந்தார்கள் என்பதை மட்டும் எழுதும் பதிவேடு பாதிப் பதிவேடுதான். யார் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்பதை எந்த நிமிடத்திலும் அது சொல்ல வேண்டும். கீழே உள்ள விதிகளில் பெரும்பாலானவை இதற்காகவே எழுதப்பட்டவை.

வாசல்கள்

1. வெளியார் அனைவருக்கும் முன்வாசல் ஒன்றே வழி. உள்ளே வரவும் வெளியே போகவும் அதுவே. பின்வாசல் குப்பை வண்டிக்கும் தண்ணீர் லாரிக்கும் மட்டும் திறக்கப்படும். வேலை முடிந்ததும் பூட்டி, சாவியைக் காவல் அறை ஆணியில் மாட்ட வேண்டும். குடியிருப்போர் நடைப்பயிற்சிக்குப் போக வேண்டும் என்று கேட்டாலும் பின்வாசல் திறக்கப்படாது.

2. இரவு 10 மணி முதல் காலை 4.30 மணி வரை பெரிய கதவு பூட்டியிருக்கும், திட்டிவாசல் மட்டும் திறக்கும். 4.30க்குப் பிறகு பால்காரர், நாளிதழ் போடுபவர், பூ கொண்டுவருபவர் ஆகியோர் பட்டியலைப் பார்த்து அனுமதிக்கப்படுவர்.

பதிவேடு எழுதும் முறை

3. பதிவேட்டைக் காவலாளியே எழுத வேண்டும். வருபவரிடம் பேனாவை நீட்டி எழுதச் சொல்லும் பழக்கம் இன்றோடு நிற்கட்டும். அவசரத்தில் கிறுக்கிய பெயர்களை நம்மால் படிக்க முடியவில்லை. எழுதத் தெரியாதவர் வரிசையில் நின்று கூசிப்போவதையும் பார்த்திருக்கிறோம்.

4. எழுத வேண்டியவை: வந்த நேரம், பெயர், வந்த காரியம், வீட்டு எண், ஒப்புதல் தந்தவர், வாகனம், வெளியேறிய நேரம். காருக்கு முழுப் பதிவு எண்ணும், இரு சக்கர வாகனத்துக்குக் கடைசி நான்கு இலக்கமும் போதும். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

| நேரம் | பெயர் | காரியம் | வீடு | ஒப்புதல் | வாகனம் | வெளியே |
|---|---|---|---|---|---|---|
| 9.05 | பழனி | கேன் தண்ணீர், 6 கேன் | ஏ-203, ஏ-401 | நிரந்தரப் பட்டியல் | மூன்று சக்கரம், 4417 | 9.30 |
| 10.20 | செல்வி, உடன் ஒரு குழந்தை | உறவினர் | சி-104 | வீட்டு அம்மா, இன்டர்காம் | நடந்து | 4.15 |
| 11.10 | குமார் | குழாய் பழுது | பி-302 | வீட்டு ஐயா, கைபேசி | இரு சக்கரம், 0926 | 12.40 |
| 1.15 | உணவு டெலிவரி | சாப்பாடு | ஏ-102 | இன்டர்காம் | இரு சக்கரம், 7350 | 1.22 |

5. கைபேசி எண்ணுக்கு இருந்த கட்டத்தை நீக்கிவிட்டோம். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர வந்த ஆசிரியை ஒருவரின் எண்ணை, அடுத்து வந்த யாரோ பதிவேட்டில் பார்த்து எழுதிக்கொண்டு இரவு நேரத்தில் அழைத்துத் தொல்லை கொடுத்தார். அந்த அம்மா வகுப்பையே நிறுத்திவிட்டார். நம்மை நம்பித் தந்த எண் அது. இனி ஒருவருக்கு ஒப்புதல் தரும் வீட்டாரே அவருக்குப் பொறுப்பு. ஒரு நாளுக்கு மேல் வேலை செய்ய வரும் ஆட்களின் எண்கள் மட்டும் மேசை இழுப்பறையில் உள்ள தனிப் புத்தகத்தில் எழுதப்படும். ஆதார் அட்டையைக் கேட்பதோ, படம் எடுப்பதோ, வாங்கி வைத்துக்கொள்வதோ கூடாது.

6. தவறாக எழுதிவிட்டால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் கையொப்பமிட்டு, அடுத்த வரியில் சரியாக எழுத வேண்டும். மேல் எழுதுவதும், பக்கத்தைக் கிழிப்பதும், வெள்ளை மை பூசுவதும் கூடாது.

7. காலை 7, மாலை 7 மணிக்கு ஷிப்ட் மாறும்போது பதிவேட்டில் ஒரு கோடு போட்டு, ‘உள்ளே இருப்போர் இத்தனை பேர்’ என்று எண்ணிக்கையை எழுதி இரு ஷிப்ட் காவலாளிகளும் கையொப்பமிட வேண்டும். இரவு 9 மணிக்கு, வெளியேறிய நேரம் இல்லாத ஒவ்வொரு பதிவுக்கும் அந்தந்த வீட்டை அழைத்துக் கேட்க வேண்டும். விருந்தினர் தங்குகிறார் என்றால் ‘தங்கல்’ என்று எழுதினால் போதும். அந்த அழைப்பைத் தொந்தரவாக நினைக்க வேண்டாம் என்று வீட்டாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

8. பதிவேட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. அடுத்த வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள யாருக்கும் உரிமை இல்லை. காவலாளியும், செயலாளரும், சட்டப்படி கேட்கும் காவல்துறையினருமே அதைப் பார்க்கலாம். நிறைந்த பதிவேடு ஓராண்டு பூட்டி வைக்கப்பட்டு, பிறகு கிழித்து அழிக்கப்படும்.

விருந்தினர்

9. யாராவது வருவதாக இருந்தால் முன்கூட்டியே இன்டர்காமில் 9ஐ அழுத்திச் சொல்லிவிடுங்கள். சொல்லியிருந்தால் வந்தவர் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. காவலாளி பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார். அடிக்கடி வரும் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களை நிரந்தரப் பட்டியலில் சேர்க்கலாம்.

10. சொல்லாமல் வந்தவருக்கு: இன்டர்காமில் இரண்டு முறை, கைபேசியில் ஒரு முறை வீட்டாரை அழைக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லலாம். வேப்ப மரத்தடியில் பெஞ்சும் மண்பானைத் தண்ணீரும் வைத்திருக்கிறோம். சேலத்து வெயிலில் மாம்பழக் கூடையைத் தலையில் சுமந்து தம்பி வீட்டுக்கு வந்த பெரியவரைச் சாலையோரம் நிற்க வைப்பது நமக்கு அழகல்ல. வீட்டார் ‘இப்போது முடியாது’ என்றால் காவலாளி, ‘வீட்டில் இப்போது பார்க்க இயலவில்லை என்கிறார்கள்’ என்று மட்டும் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வேண்டாம்.

11. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் தரும் ஒப்புதல் செல்லாது.

12. விசேஷத்துக்குப் பதினைந்து பேருக்கு மேல் வருவார்கள் என்றால் முந்தைய நாளே எழுதித் தர வேண்டும். அன்று தலை எண்ணிக்கை மட்டும் எழுதப்படும். விருந்தினர் கார் நிறுத்த ஆறு இடங்களே உள்ளன. ஏற்காடு கோடை விழா நாட்களிலும் ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவிலும் எல்லோர் வீட்டுக்கும் ஒரே நேரத்தில் ஆள் வருகிறது. முதலில் பதிந்தவருக்கே இடம்.

டெலிவரி

13. உணவு, மளிகை, மருந்து கொண்டுவருவோர் வீட்டு வாசல் வரை போகலாம். பேரைக் கேட்டு அவர்களை நிறுத்தி வைக்க வேண்டாம். வீட்டு எண், வாகனத்தின் நான்கு இலக்கம், நேரம் போதும். ஹெல்மெட்டைக் கழற்றி முகம் தெரிய நுழைய வேண்டும்.

14. எல்லா லிப்டும் எல்லோருக்கும் உரியது. முன்பு ‘டெலிவரி ஆட்கள் படியில் செல்லவும்’ என்று ஒரு பலகை இருந்தது. 20 லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் நான்காம் மாடிக்கு ஏறியதையும், இரண்டாம் மாடித் திருப்பத்தில் கேனை இறக்கிவைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பலகையைக் கழற்றிவிட்டோம். திரும்ப மாட்டச் சொல்லி யாரும் மனுத் தர வேண்டாம்.

15. வீட்டில் ஆள் இல்லாதபோது வரும் பார்சலை, வீட்டார் கேட்டுக்கொண்டால் மட்டும் காவலாளி வாங்கி வைப்பார். பார்சல் புத்தகத்தில் எழுதி, அன்றிரவு 9 மணிக்குள் கையொப்பமிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். காவலாளி பணம் கட்டமாட்டார், ஓ.டி.பி. கேட்டுச் சொல்லமாட்டார். நகை, கைபேசி போன்ற விலையுயர்ந்த பொருள், குளிர்பதனம் தேவைப்படும் மருந்து ஆகியவற்றை வாங்கமாட்டார்.

16. கேஸ் சிலிண்டரைக் காவல் அறையில் இறக்கக்கூடாது. வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்து, 14.2 கிலோ எரிவாயுவுக்கு எடை சரிதானா என்று பார்த்து, கசிவு சோதித்து வாங்க வேண்டும்.

17. இரவு 10.30க்கு மேல் வரும் உணவை வீட்டாரே வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்ளவும். மருந்துக்கு இது பொருந்தாது. முதியோர், உடல்நலமில்லாதவர், கைக்குழந்தை வைத்திருப்போர் சொன்னால் இரண்டாவது காவலாளி கொண்டுபோய்க் கொடுப்பார்.

வீட்டு வேலைக்கு வருவோர், பழுது பார்ப்போர்

18. வீட்டு வேலை, சமையல், ஓட்டுநர் பணிக்கு வருவோருக்குச் சங்கம் படத்துடன் அட்டை தரும், இலவசமாக. அட்டையைக் காட்டினால் வரும் நேரமும் போகும் நேரமும் மட்டும் குறிக்கப்படும். அவர்களுடைய பையைத் திறந்து பார்க்கக்கூடாது. வீட்டார் கொடுத்த புடவையையும் குழம்புத் தூக்கையும் வாசலில் விரித்துக் காட்டும் அவமானம் நம் குடியிருப்பில் யாருக்கும் நேரக்கூடாது. மிக்ஸி, மின்விசிறி போன்ற பெரிய பொருள் என்றால் வீட்டார் இன்டர்காமில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

19. இடித்தல், துளையிடுதல் போன்ற வேலைகள் காலை 9 முதல் 1 வரை, 3 முதல் 6 வரை. ஞாயிறு கிடையாது.

அரசுப் பணியாளர்

20. தபால்காரர், மின்கணக்கீட்டாளர், கொசு ஒழிப்புக்கு வரும் மாநகராட்சிப் பணியாளர் ஆகியோரைத் தாமதிக்காமல் அனுமதிக்க வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்து, பதவியை எழுதினால் போதும். சீருடையில்லாமல் காவல்துறையினர் என்று சொல்லி வருவோரிடம் அட்டையை மரியாதையாகக் கேட்டு, உடனே செயலாளரை அழைக்க வேண்டும்.

அவசர நேரம்

21. 108 ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி வந்தால் பெரிய கதவை முழுவதும் திறக்க வேண்டும். வீட்டு எண் தவிர எதையும் கேட்கக்கூடாது. ஒரு காவலாளி முன்னால் ஓடி லிப்டைத் தரைத்தளத்தில் பிடித்து வைக்க வேண்டும். பதிவெல்லாம் வண்டி போன பிறகு. காவல் அறைச் சுவரில் எழுதியுள்ள எண்கள்: அவசர உதவி 112, தீயணைப்பு 101, எரிவாயுக் கசிவு 1906. கட்டடத்தை விட்டு எல்லோரும் இறங்கும் நிலை வந்தால் காவலாளி முதலில் கையில் எடுக்க வேண்டியது பதிவேட்டை.

காவலாளியிடம் நடந்துகொள்ளும் முறை

22. விதிப்படி ஒருவரை நிறுத்தியதற்காகக் காவலாளியைத் திட்டுவதை, வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்று மிரட்டுவதைச் சங்கம் பொறுத்துக்கொள்ளாது. முதல் முறை செயலாளர் நேரில் பேசுவார். இரண்டாம் முறை பொதுக்குழுவில் வைக்கப்படும். காவலாளி மரியாதைக் குறைவாக நடந்தால் நாள், நேரத்துடன் செயலாளருக்கு எழுதுங்கள். மூன்று நாளில் பதில் தரப்படும்.

23. காவலாளியைக் காய்கறி வாங்கவோ, கார் துடைக்கவோ அனுப்பக்கூடாது. அவர் நாற்காலியை விட்டு எழுந்த அந்தப் பத்து நிமிடத்தில்தான் பதிவேட்டில் ஓட்டை விழுகிறது.

நிரந்தரப் பட்டியலுக்கான பெயர்களை ஜூன் 25க்குள் காவல் அறையில் எழுதித் தரவும். வேலைக்கு வருவோரின் அட்டைக்கான படம் ஜூன் 27, 28 இரு நாளும் காலை 7 முதல் 10 வரை ஏ பிளாக் தரைத்தளத்தில் எடுக்கப்படும்.

செயலாளர்
குடியிருப்போர் சங்கம்
10.06.2026