அட்வான்ஸ் கணக்கு - மடிப்பாக்கம் வீடு

முரளி தம்பி, புது வீடு எல்லாம் செட் ஆயிடுச்சா, பாப்பா ஸ்கூல் பஸ் கெடச்சுதா. அட்வான்ஸ் கணக்கு கேட்டு ரெண்டு தடவ மெசேஜ் போட்டிருந்தீங்க, ஈபி ரீடிங் எடுக்க ஆளு வரட்டும்னு தான் வெயிட் பண்ணேன், 12ஆம் தேதி வந்து எடுத்துட்டு போயிட்டாரு. போன்ல சொன்னா குழம்பிடும்னு அங்கிள் நோட்டை பக்கத்துல வச்சுக்கிட்டு டைப் பண்றேன், பொறுமையா படிங்க.

நீங்க குடுத்த அட்வான்ஸ் 90,000. காலி பண்ண அன்னிக்கே 20,000 ஜிபே பண்ணிட்டேன், அது ஞாபகம் இருக்கட்டும். மே வரைக்கும் வாடகை வந்துடுச்சு, அதுல ஒண்ணும் பாக்கி இல்ல.

மொதல்ல பில்லு. ஏப்ரல்ல வந்த ஈபி பில் 3,140 கட்டாமயே விட்டுட்டீங்க, கனெக்ஷன் என் பேர்ல இருக்கறதால மெசேஜ் எனக்கு தான் வந்துச்சு, ஃபியூஸ புடுங்கிட்டு போனா வேற வம்புன்னு நானே ஆன்லைன்ல கட்டிட்டேன். இப்ப ஜூன்ல வந்தது 3,480. ஆனா நீங்க மே 31 போயிட்டீங்க, அதுக்கப்புறம் பெயிண்டர் லைட்டு ஃபேன் போட்டது என் கணக்கு தானே, அதனால 280 நான் ஏத்துக்கறேன், உங்களுக்கு 3,200 மட்டும். மெயின்டனன்ஸ் ஏப்ரல், மே ரெண்டு மாசம் 1,800 வீதம் 3,600 நிலுவைன்னு அசோசியேஷன் செக்ரட்டரி லிஃப்ட்ல வச்சே என்ன கேட்டாரு, கூச்சமா போச்சு. பில் மொத்தம் 9,940.

அடுத்து ரிப்பேர். ஹால் வாஷ்பேசின் விரிசல் முன்னாடியே இருந்துச்சுன்னு உங்க வீட்ல சொன்னாங்க. நீங்க குடி வர்றப்போ 2021ல நாம எடுத்த போட்டோவ தேடி எடுத்து பெருசு பண்ணி பாத்தேன், சுத்தமா இருக்கு, அதையும் கீழ அனுப்பறேன், நீங்களே பாருங்க. ஏதோ கனமா விழுந்து தான் ஓரம் தெறிச்சிருக்கு. பழசையே ஒட்ட வைக்க முடியுமான்னு கேட்டேன், தண்ணி கசியும், நிக்காதுன்னு பிளம்பர் சொல்லிட்டாரு. பேசின் 2,350, கூலி 700, ஆக 3,050. கிச்சன் டேப் கைப்பிடி ஒடஞ்சது 850. பெட்ரூம்ல ஏசி கழட்டின ஓட்டையும் டிவி மாட்டின ஓட்டையும் அடைச்சு பட்டி பாக்க 1,600, பால்கனி பக்கம் கொசுவலை கிழிஞ்சது 1,400. வாசக்கதவு சாவி மூணு குடுத்தேன், ரெண்டு தான் திரும்பி வந்துச்சு, அடுத்து வர்றவங்களுக்கு பழைய பூட்டோட குடுக்க முடியாதுல்ல, மாத்தினது 1,150. ரிப்பேர் எல்லாம் சேத்து 8,050.

பாத்ரூம் கதவு அடியில ஊறி போனதுக்கும் செவுத்துல ஓதம் அடிச்சதுக்கும் உங்ககிட்ட ஒரு ரூவா எடுக்கல, அது வீட்டோட வயசு.

பெயிண்ட் தான் நீங்க சண்டைக்கு வருவீங்கன்னு நினைக்கறேன் 😄 அக்ரிமென்ட்படி ஒரு மாச வாடகை 18,000 புடிக்கணும், செலவு ஆனது 26,500. அங்கிள் முழுசா புடின்னாரு. நாலு வருஷம் குடும்பம் இருந்த வீட்டுக்கு எப்படியும் பெயிண்ட் அடிக்க தான் வேணும்னு நான் சொல்லி பாதி, 9,000 மட்டும் போட்டிருக்கேன். பாப்பா கிரேயான்ல கிறுக்கினதும் இதுலயே போயிடுச்சு, தனியா ஒண்ணும் இல்ல.

ஜனவரில கீசர் ரிப்பேருக்கு உங்க கைக்காசு 1,250 போட்டீங்க, அப்புறம் கழிச்சுக்கலாம்னு நான் சொன்னது, அத உங்க பக்கம் சேத்துட்டேன்.

பில் 9,940 + ரிப்பேர் 8,050 + பெயிண்ட் 9,000 = 26,990
கீசர் கழிச்சா 26,990 - 1,250 = 25,740
90,000 - 25,740 = 64,260
ஏற்கனவே குடுத்தது 20,000, மிச்சம் 44,260

ஈபி ரசீது, பிளம்பர் பில்லு, பெயிண்டர் எழுதி குடுத்த சீட்டு எல்லாம் போட்டோ அனுப்பறேன். கொசுவலைக்காரரு மட்டும் பில் குடுக்கல, அவர் நம்பர் வேணா தர்றேன், நேரா கேட்டுக்கலாம்.

எதாவது இடிக்குதுன்னா நாளைக்கு ராத்திரிக்குள்ள சொல்லுங்க, பேசிக்கலாம். சரின்னா ஓகேன்னு ஒரு மெசேஜ் போடுங்க, நீங்க எந்த அக்கவுன்ட்லேருந்து வாடகை அனுப்புவீங்களோ அதே பேங்க் அக்கவுன்ட்டுக்கு வியாழக்கிழம காலைல 44,260 போட்டுடறேன், அக்கவுன்ட் மாத்திருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. பணம் வந்ததும் முழு அட்வான்ஸும் செட்டில் ஆச்சுன்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க, அங்கிள் ஃபைல்ல வைக்கணுமாம். அப்புறம் உங்க பேருக்கு பேங்க்லேருந்து ஒரு கவர் வந்திருக்கு, வாட்ச்மேன்கிட்ட குடுத்து வச்சிருக்கேன், இந்த பக்கம் வர்றப்போ வாங்கிக்கோங்க.