அப்பாவின் மப்ளர்: கட்டப்படத்திலிருந்து எழுதியது

தங்கச்சி, நுவரெலியாப் பனிக்கு முன் முடித்துவிடு. 4 மி.மீ. ஊசி, 40 கண்.

நே = நேர், பு = புரட்டு, சு = ஊசியில் நூல் சுற்று, சே = இரண்டு கண்ணைச் சேர்த்து நேர். அடைப்புக்குள் இருப்பதை × எண்ணிக்கைப்படி திரும்பப் பின்னு.

வ1: நே40
வ2: நே2, பு36, நே2
வ3: நே2, [(சே)×3, (சு, நே1)×6, (சே)×3]×2, நே2
வ4: நே40

ஒற்றை வரிசையைப் படத்தில் வலமிருந்து இடமாகப் படி. வ3 முடிந்ததும் கட்டாயம் எண்ணு: 40 வரவேண்டும். குறைந்தால் ஒரு சு விட்டுப்போயிருக்கும். நான் இரண்டு தடவை அவிழ்த்தேன். அப்புறம் வ1–4 திரும்பத் திரும்ப, 150 செ.மீ. வரை. கடைசி வ4இல் கண்களைத் தளர்வாக மூடு, இறுக்கினால் அலை சுருங்கிவிடும்.