மாஸ்டர் சீட்டு, பில் 318: பிரித்து எழுதியது

அக்கா, மஞ்சக்குப்பம் கடையிலிருந்து எழுதுகிறேன். இன்று துணிப்பையோடு வரும் சீட்டு மாஸ்டர் கையெழுத்து. முத்தியால்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் போன் போட வேண்டாமே என்று பிரித்து எழுதிவிட்டேன். சீட்டில் இருப்பது அப்படியே:

318 / வெள்ளி டெலி
பி 1 லை கிரா
உ 14|| ஷோ 14| செ 36 அ.செ 32 இ 30|| லூ 1||
டா 10 × 7
கை 9||| நூ1 – 10|| ஆ 15||
க மு 7 பி 9|| நாடா. முன் ஹூ. உ.து 1
சுடி 1
உ 42 செ 39 இ 35 சீ 41 ரெ. ஓ 21|| கை 16||
பே உ 38 எலா. பா 6|||
டவு 2
உ 15 + ம 2 இ 24 சீ 29 பா 9

எல்லாம் இன்ச். எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் கோடு ஒன்று என்றால் கால், இரண்டு அரை, மூன்று முக்கால். 'நூ' என்பது நூல், இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. மாஸ்டர் கோட்டை எண்ணோடு ஒட்டியே போடுவார், 14| என்பது 141 மாதிரி தெரியும். பயப்பட வேண்டாம்.

பிளவுஸ் (1), லைனிங் வைத்து, கிராஸ் கட்டிங்
உயரம்: 14½
ஷோல்டர்: 14¼ (முழு அளவு)
செஸ்ட்: உடம்பு அளவு 36, தைத்து முடித்தால் 37½
செஸ்டுக்குக் கீழே: 32, முடித்தால் 33½
இடுப்பு: 30½, முடித்தால் 32
டார்ட்: ஷோல்டரிலிருந்து 10 இறக்கம், இரண்டு முனைக்கும் நடுவே 7
கை நீளம்: 9⅞
கை சுற்றளவு: 10½
ஆம்ஹோல்: சுற்றி 15½
முன் கழுத்து: 7
பின் கழுத்து: 9½, நாடா உண்டு
ஹூக்: முன்பக்கம்
உள்ளே விட வேண்டிய துணி: பக்கத்துக்கு 1

வரி முடிவில் இருக்கும் 'லூ 1||' லூஸ். செஸ்டுக்கு மட்டும் இல்லை, அந்த வரியில் உள்ள மூன்று சுற்றளவுக்கும் சேர்த்துத்தான். சீட்டில் 'பி' இரண்டு இடத்தில் வருகிறது: மேலே பிளவுஸ், கழுத்து வரியில் பின்பக்கம். பின் கழுத்தில் 8|| என்று எழுதி அதன் மேலேயே 9 போட்டிருந்தார். கேட்டேன், 9½ தான், அந்த அம்மாவே இறக்கிக் கேட்டார்களாம். இவ்வளவு இறக்கினால் ஷோல்டர் நழுவும், அதனால் நாடாவை மறந்துவிடாதீர்கள்.

சுடிதார் டாப் (1)
உயரம்: 42
செஸ்ட்: 39
இடுப்பு: 35
சீட்: 41
ஓபன்: ஷோல்டரிலிருந்து 21½ இறங்கி ஆரம்பம்
கை நீளம்: 16½ (முக்கால் கை)

'ரெ' என்றால் ரெடி அளவு. பிளவுஸில் உடம்பு அளவு எழுதியவர் இங்கே லூஸ் சேர்த்தே எழுதிவிட்டார். ஒரே ஆளுக்கு செஸ்ட் 36, 39 என்று இரண்டு வருவது அதனால்தான். இதற்கு மேல் லூஸ் விட்டால் டாப் தொளதொளவென்று ஆகிவிடும். ஷோல்டரும் ஆம்ஹோலும் கழுத்தும் எழுதவில்லை. பையில் அளவு டாப் ஒன்று வைத்திருக்கிறேன், பச்சைக் கலர், அதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அது அவர்கள் போட்டுக்கொண்டிருப்பது, அதில் சாக்பீஸ் படக் கூடாது.

சுடிதார் பேண்ட் (1)
உயரம்: 38
இடுப்பு: எலாஸ்டிக்
பாட்டம்: மடித்து வைத்து 6¾, சுற்றளவு 13½

பாட்டம் எப்போதும் பாதி அளவுதான் எழுதுவார். 6¾ சுற்றளவு என்றால் குதிகாலே நுழையாது.

டவுசர் (2), பையனுக்கு, ஸ்கூல் யூனிபார்ம்
உயரம்: முடித்து 15
உள்மடிப்பு: 2
இடுப்பு: 24
சீட்: 29
பாட்டம்: மடித்து 9, சுற்றளவு 18

'ம 2' மடிப்பு. வெட்டும்போது 15க்குக் கீழே 2 சேர்த்து வெட்டி, முழுசாக உள்ளே மடித்துத் தையுங்கள். அடுத்த வருஷம் பிரித்து இறக்கிவிடலாம் என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்.

டெலிவரி வெள்ளிக்கிழமை. பிளவுஸை மட்டும் புதன் சாயங்காலமே பஸ்ஸில் கொடுத்தனுப்ப முடியுமா? வியாழன் அவர்கள் ட்ரயல் பார்க்க வருகிறார்கள். ஹூக் கட்டாமல் வந்தாலும் பரவாயில்லை, இங்கே நான் கட்டிக்கொள்கிறேன்.