சவூதி மாப்பிள்ளை: என்னைப் பற்றி நானே

பெயர் சரவணன், வயது 33. தஞ்சாவூர் மாவட்டம், பேராவூரணி பக்கத்தில் ஒரு கிராமம். அனுஷம், விருச்சிக ராசி. ஐந்தடி ஏழு அங்குலம். மாநிறம் என்று அம்மா சொல்வார். வெயிலில் வேலை பார்க்கிறவன் என்பதால் லீவு முடிந்து கிளம்புகிற வாரத்தில்தான் அந்த மாநிறம் வெளியே தெரியும்.

இந்தக் குறிப்பை முதலில் என் தங்கை எழுதினாள். "வெளிநாட்டில் என்ஜினியர், கை நிறையச் சம்பளம், பொறுப்பானவர்" என்று மூன்று வரியில் முடித்திருந்தாள். அதை அழித்துவிட்டு நானே எழுதுகிறேன். முதல் திருத்தம்: நான் என்ஜினியர் இல்லை, டெக்னீஷியன். இன்ஸ்ட்ருமென்டேஷனில் டிப்ளமோ. சென்னை மணலியில் சில வருடம் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு 2019 தொடக்கத்தில் சவூதி வந்தேன். ஜுபைலில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில், ஒப்பந்தக்காரக் கம்பெனி மூலமாக வேலை. குழாயில் போகும் வாயுவின் அழுத்தம், வெப்பம், அளவு இவற்றைக் காட்டும் கருவிகளைச் சரிபார்ப்பதும், கன்ட்ரோல் வால்வுகளைப் பழுதுபார்ப்பதும் என் பொறுப்பு. சவூதியில் என்ன வேலை என்று கேட்டால் பாதிப் பேர் மழுப்புவார்கள். இகாமா என்கிற என் சவூதி குடியிருப்பு அட்டை, ஒப்பந்தம், பாஸ்போர்ட் மூன்றின் நகலையும் பெண் வீட்டாருக்கு நானே தருகிறேன். தெரிந்தவர் யாராவது ஜுபைலிலோ தம்மாமிலோ இருந்தால் தாராளமாக விசாரித்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம். பதினொரு மாதம் வேலை, ஒரு மாதம் லீவு, போகவர டிக்கெட் கம்பெனி செலவு. இதுதான் என் ஒப்பந்தம். அந்த ஒரு மாதமும் நான் நினைத்த நேரத்தில் கிடைக்காது. ஆலையை நிறுத்தி மொத்தமாகப் பராமரிக்கும் ஷட்டவுன் வந்தால், தினம் பன்னிரண்டு மணி நேர டியூட்டி; அந்தச் சமயத்தில் லீவு கேட்பவரை மேனேஜர் ஏற இறங்கப் பார்ப்பார். ஆடியிலோ மார்கழியிலோ லீவு தந்தால் கல்யாண காரியத்துக்கு உதவாது. அதனால் தை கடைசியிலிருந்து மாசி வரை கேட்டு வைத்திருக்கிறேன், வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நிச்சயம் அதற்கு முன்பே பெரியவர்கள் அளவில் முடிந்தால் நல்லது. பெண் பார்த்து, நிச்சயம் செய்து, கல்யாணம் முடித்து, மறுவீடும் போய் எல்லாம் ஒரே மாதத்தில் என்றால் இருவரும் பேசிப் பழக நேரமே இருக்காது.

கொரோனா சமயத்தில் விமானம் இல்லாமல் இரண்டு வருடம் ஊருக்கே வர முடியவில்லை. தங்கையின் கல்யாணத்தைப் போனில்தான் பார்த்தேன். அதுபோல மறுபடி நடக்காது என்று உறுதி தர என்னால் ஆகாது. பிரசவ நேரத்தில் பக்கத்தில் இருப்பேனா என்று கேட்டால், முயற்சி செய்வேன் என்றுதான் சொல்ல முடியும். அவசர லீவு உண்டு, ஆனால் சம்பளம் கிடையாது, டிக்கெட்டும் என் கைக்காசு. அந்தச் செலவுக்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன்.

"கல்யாணம் ஆனதும் கூட்டிப் போய்விடுவீர்களா?" என்று இதற்கு முன் பேசிய இரண்டு வீட்டிலும் கேட்டார்கள். நான் இருப்பது கம்பெனி கேம்ப், ஒரு அறையில் இரண்டு பேர், மெஸ் சாப்பாடு. என் இகாமாவில் உள்ள தொழிலுக்குக் குடும்ப விசா சுலபமில்லை. கிடைத்தாலும் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 400 ரியால் வீதம் அரசுக் கட்டணம் கட்ட வேண்டும், வெளியே வீட்டு வாடகை வேறு. என் சம்பளத்தில் அது தாங்காது. இரண்டு மூன்று மாதத்துக்கு விசிட் விசாவில் அழைத்து வர முயலலாம், அவ்வளவுதான். கூட்டிப் போவேன் என்று நம்பி யாரும் சம்மதிக்க வேண்டாம்.

சம்பளம் மாதம் 3,800 ரியால், ஓவர்டைம் இருந்தால் கொஞ்சம் கூடும். தங்குவதும் சாப்பாடும் கம்பெனி என்பதால் பெரும்பகுதி வீட்டுக்கு வந்துவிடும். தங்கை கல்யாணக் கடன் அடைந்துவிட்டது. ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய வட்டிக் கடன் அதற்கும் முன்பே தீர்ந்தது. வீட்டில் மாடி எழுப்பியதில் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு நகைக்கடன் மட்டும் பாக்கி, அடுத்த வருடத்துக்குள் மீட்டுவிடுவேன். குடி, சிகரெட் இல்லை. டீ மட்டும் அளவில்லாமல்.

அப்பா, அம்மா ஊரில் இருக்கிறார்கள். இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் நூறுக்கு மேல் மரம் சாய்ந்தது, முப்பது கூட மிஞ்சவில்லை. நான் சவூதிக்கு விமானம் ஏறியதற்கு அதுதான் காரணம். அடுத்த வருடமே அப்பா கன்று வைத்தார். இப்போது பாளை விட்டு, காய்க்கத் தொடங்கியிருக்கிறது. தோப்பு முழுக் காய்ப்புக்கு வந்ததும், கொப்பரைக் களம் ஒன்று போட்டு ஊரிலேயே இருந்துவிட நினைக்கிறேன். இன்னும் இரண்டு ஒப்பந்தம், அதாவது நான்கு வருடம் என்று கணக்கு. "இதுதான் கடைசி ஒப்பந்தம்" என்று சொல்லிச் சொல்லியே இருபது வருடம் ஓட்டியவர்கள் என் கேம்பிலேயே இருக்கிறார்கள் என்பதால், நான்கு வருடம் என்பதைப் பெரியவர்கள் முன்னிலையிலேயே சொல்கிறேன். பிறகு மாற்றினால் மனைவியைக் கேட்டுத்தான்.

வரும் பெண் வேலைக்குப் போனால் சந்தோஷம், போகாவிட்டாலும் சரி. ஆசிரியை, நர்ஸ், வங்கி வேலை என்று எதுவானாலும், வேலை இருக்கும் ஊரிலேயே தங்கலாம். என் பெற்றோருக்குத் துணையாக ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகக் கல்யாணம் செய்யவில்லை. அம்மாவும் அப்படி எதிர்பார்க்கவில்லை, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் இல்லாத மாதங்களில் பெண் தன் பிறந்த வீட்டில் இருக்க விரும்பினால் அதையும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பணம் அவர் பெயரில் உள்ள கணக்குக்கு நேராக அனுப்புவேன். மாமியார் கையில் கேட்டு வாங்கும் ஏற்பாட்டால் எத்தனை வீட்டில் சண்டை வருகிறது என்று கேம்பில் தினமும் கேட்கிறேன்.

தினமும் பேசுவேன். வேலை முடிந்து அறைக்கு வர ஆறு மணி, அப்போது ஊரில் எட்டரை. சாப்பிட்டுப் படுக்கும் முன் வீடியோ கால். ஷட்டவுன் நாட்களில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், சில இரவு அதுவும் இருக்காது. அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாத பெண்ணாக இருக்க வேண்டும். நானும் அவர் எங்கே போனார், யாரோடு பேசினார் என்று போனில் உட்கார்ந்து விசாரிக்கிற ஆள் இல்லை.

வயது 26 முதல் 32 வரை. மறுமணம் என்றாலும் பேசலாம். சாதி பற்றி எனக்குத் தடையில்லை. அம்மாவுக்கு ஜாதகம் மட்டும் பார்க்க வேண்டும். வரதட்சணை, நகைக் கணக்கு எதுவும் கேட்க மாட்டோம். திருமணச் செலவைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்வோம்.

பிடித்திருந்தால் இந்தத் தளத்தின் செய்திப் பெட்டியில் எழுதுங்கள். ஜாதகப் பொருத்தம் அப்பா பார்ப்பார். அதற்குப் பிறகு பெண்ணோடு நான் நேரடியாக, குறைந்தது இரண்டு மூன்று முறையாவது பேச வேண்டும். வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை, ஊர் நேரப்படி பகல் பதினொரு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வசதி. தரகர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம்.